கணக்கில் கேஸ் இருக்கிறது, அடுப்பில் இல்லை: சிலிண்டர் எடைக் கணக்கு எங்கே பிசகுகிறது

பாளையங்கோட்டை வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் இருக்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் இணைப்பு. தீர்ந்துபோனால் அடுத்தது வரும்வரை இண்டக்‌ஷன் அடுப்பும் ஹோட்டல் இட்லியும்தான். நான் சென்னையில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறையாவது போனில் அந்தக் கேள்வி வரும்: "ஏலே, கேஸு எத்தன நாளைக்கு வரும்?"

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். சிலிண்டரில் குத்தியிருக்கும் காலி எடையை ஒரு படம், எடை மெஷினின் திரையை ஒரு படம். இரண்டையும் வாட்ஸாப்பில் அனுப்பினால் நான் இங்கே கழித்துச் சொல்லிவிடுவேன். கணக்கு இவ்வளவுதான்:

```
மீதி கேஸ் = மெஷினில் கண்ட எடை − சிலிண்டரில் குத்திய காலி எடை
```

ஒரு கழித்தல் கணக்கில் என்ன தப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் இது எனக்குப் பிசகாத விதமே இல்லை. பெரும்பாலான தடவை மெஷின்மேல் சந்தேகப்பட்டேன். பெரும்பாலான தடவை தப்பு படத்தில் இருந்தது. உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கிருந்து படிக்கலாம். எல்லாம் நம் ஊர் வீடுகளுக்கு வரும் 14.2 கிலோ இரும்பு சிலிண்டருக்கானது.

அதற்கு முன் சிலிண்டரை நகர்த்துவது பற்றி. அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வில் பிளாஸ்டிக் மூடியைப் போட்டபிறகுதான் நகர்த்த வேண்டும். சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையிலேயே இருக்கட்டும். முழு சிலிண்டர் 30 கிலோ வரும், எங்கள் வீட்டில் எதிர்வீட்டுத் தம்பிதான் தூக்கி வைப்பான். திரும்ப மாட்டியபிறகு வால்விலும் ரெகுலேட்டரிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கேஸ் வாடை வந்தால் எடையை மறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னல் கதவைத் திறந்து வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும்.

மீதி 14.2 கிலோவைத் தாண்டுகிறது, அல்லது சுழிக்குக் கீழே போகிறது

இது நல்ல பிழை. தப்பு என்று தானே சொல்லிக்கொள்கிறது. கிட்டத்தட்ட எப்போதும் வேறு ஏதோ எண்ணைக் காலி எடை என்று எடுத்திருப்பீர்கள்.

சிலிண்டரின் உச்சியில் கைப்பிடி வளையம் இருக்கிறதல்லவா, அதை உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு விவரம் இருக்கும். 33.3 என்று கண்டால் அது உள்ளே எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்ற அளவு. 14.2 என்பது நிரப்பும் கேஸின் எடை. 29, 30 போல ஓர் எண் கண்ணில் பட்டால் அது கேஸோடு சேர்ந்த மொத்த எடை. ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும், `B-27` என்பதுபோல இருந்தால் அது அடுத்த பரிசோதனைக்கான கெடு. A என்றால் ஜனவரி முதல் மார்ச், B என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே D வரை. அம்மா முதன்முதலில் எனக்கு அனுப்பியது இந்தக் கெடுவைத்தான். 27 கிலோ காலி எடை என்று வைத்துக் கழித்து, வீட்டில் கேஸே இல்லை என்று கண்டுபிடித்தேன். பக்கத்திலேயே சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

காலி எடை பெரும்பாலும் 15, 16 கிலோ அளவில், ஒரு தசம இலக்கத்தோடு இருக்கும். பக்கத்தில் `TW` என்றோ அதன் விரிவோ குத்தியிருப்பார்கள். பலமுறை பெயின்ட் அடித்ததில் தசமப் புள்ளி மூழ்கிப்போய் 158 என்று மட்டும் தெரிந்தால் அது 15.8 என்று புரிந்துகொள்ளலாம். 12 என்றோ 19 என்றோ வந்தால் அதை வைத்துக் கணக்குப் போடாமல் படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம், பழைய படம். நாம் காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும்போது வருவது வேறு சிலிண்டர், அதற்கு வேறு காலி எடை. போன தடவை 16.4, இந்தத் தடவை 15.3 என்று வருவது சாதாரணம். போனில் தேடும்போது முந்தைய சிலிண்டரின் படம் கையில் சிக்கினால் ஒரு கிலோவுக்கு மேல் கணக்கு ஓடிவிடும். அதனால் இப்போதெல்லாம் காலி எடையோடு சிலிண்டரின் வரிசை எண்ணும் படத்தில் விழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சிலிண்டர் வந்த அன்றே, மாட்டுவதற்கு முன் எடுத்துவிட்டால் குனிந்து இருட்டு மேடைக்கடியில் போனை நீட்டும் வேலையும் இல்லை.

கணக்கு நம்பும்படி இருக்கிறது, ஆனால் அரை கிலோ இடிக்கிறது

இதுதான் கஷ்டமான பிழை. எண் நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டோம். எனக்கு நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

புது சிலிண்டர் வந்த அன்று அம்மா படம் அனுப்பினாள். பட்டையில் 15.8 என்று படித்தேன். மெஷினில் 29.6. கழித்தால் 13.8 கிலோ. 14.2 இருக்க வேண்டிய இடத்தில் 400 கிராம் குறைவு. எடைச் சட்டப்படி இந்த அளவுக்கு 150 கிராம்தான் முன்பின் இருக்கலாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சிலிண்டர் போடுகிறவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பையன் பாவம்லே, நாலு வருசமா வாரான். நீ மொத ஒழுங்காப் பாரு" என்றாள்.

சரி என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேராக அடித்த ஃபிளாஷ் வெளிச்சத்தில் பட்டை முழுக்கப் பளபளப்பு. கடைசி இலக்கம் 8 ஆகவும் இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம். இந்த எண்களை உளி அச்சால் தட்டிக் குத்துகிறார்கள், அதன்மேல் வருடக்கணக்கில் பெயின்ட். 3-இன் இடது பக்கத் திறப்பில் பெயின்ட் தேங்கினால் அது 8 ஆகிவிடும். 5-ம் 6-ம், 1-ம் 7-ம் இதேபோல மாறிக்கொள்ளும். எண் செங்குத்தாக ஓடும் பட்டையில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் 6, 9 ஆகிவிடும், தசமப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் அது தெளியும்.

தெளிவாகப் படிக்க ஃபிளாஷை அணைக்க வேண்டும். வேறொரு போனின் டார்ச்சைப் பட்டைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட அதை ஒட்டினாற்போலப் பிடித்தால் குழிகளில் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும். அதிலும் தெரியாவிட்டால் உலர்ந்த விரலால் கொஞ்சம் கோலமாவைத் தேய்த்து, மேலே ஒருமுறை துடைத்தால் குழிக்குள் மட்டும் வெள்ளை நிற்கும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நாம் சின்ன வயதில் காசை வைத்துச் செய்த வேலை: பட்டைமேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பது. பெரியம்மா தினத்தாள் கேலண்டரில் கிழித்த தாளில் தேய்த்து அனுப்பினாள். 15.3 என்று அச்சடித்ததுபோல வந்தது.

29.6-இல் 15.3 போனால் 14.3. நூறு கிராம் கூடுதலாக இருக்கிறது, அது மெஷினின் கணக்கு, பிறகு வருகிறேன். சிலிண்டர்காரர்மேல் ஒரு குறையும் இல்லை. நல்லவேளை அம்மா போன் போடவில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த சோதனை ஒன்று உண்டு. புது சிலிண்டர் வந்த அன்று, சீல் பிரித்து மாட்டுவதற்கு முன், ஒருமுறை எடை போடுங்கள். மொத்தத்தில் 14.2 கழித்தால் வருவது காலி எடைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பட்டையில் படித்ததும் இதுவும் 200 கிராமுக்குள் ஒத்துப்போனால் படிப்பும் சரி, மெஷினும் சரி. அரை கிலோ இடித்தால் முதலில் எண்ணைத் திரும்பப் படியுங்கள். அதன்பிறகும் இடித்தால் மெஷினைச் சோதியுங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் எடை குறைவு என்று பேச வேண்டும். அப்படிச் சந்தேகம் இருந்தால் வாங்கும்போதே கேட்கலாம், கொண்டுவருகிறவர் கையோடு தராசு வைத்திருந்து எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. பாதி தீர்ந்தபிறகு கேட்டுப் பயனில்லை.

மெஷின் `Err` என்று காட்டுகிறது, அல்லது எதுவுமே காட்டவில்லை

சமையலறையில் மாவு, சர்க்கரை நிறுக்கிற சின்ன மெஷினில் வைத்திருப்பீர்கள். அதன் அடியில் பார்த்தால் 5 அல்லது 10 கிலோ வரை என்று எழுதியிருக்கும். காலி சிலிண்டரே 15 கிலோ. ஒருமுறை அதன்மேல் இறக்கினால் உள்ளே இருக்கும் உணரி வளைந்துபோய், அதற்கப்புறம் சர்க்கரையைக்கூடச் சரியாகக் காட்டாது. சின்ன 5 கிலோ சிலிண்டர்கூட நிறைந்திருக்கும்போது இதில் அடங்காது.

பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறுமுனையைச் சின்ன மெஷின்மேலும் வைத்து, நடுவில் சிலிண்டரை நிறுத்தினால் பாதி எடை காட்டும், இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி சொல்வார்கள். தத்துவப்படி சரிதான். ஆனால் 60 சென்டிமீட்டர் பலகையில் 17 கிலோ சிலிண்டர் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகி நின்றால், பெருக்கியபிறகு அரை கிலோவுக்கு மேல் தப்பு வரும். அது போக, ஆடும் பலகைமேல் சிலிண்டரை நிறுத்துகிற யோசனையே எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் ஏறி நின்று பார்க்கும் மெஷினை வாங்கிச் சமையலறையில் போட்டுவிடுவது நல்லது. 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசும் இருக்கிறது, பயணப் பெட்டி நிறுப்பதற்கு விற்பார்கள். ஆனால் கையால் தூக்கிப் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும், கைப்பிடி வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் சிலிண்டர் சாயும். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது.

ஆள் ஏறும் மெஷினிலும் ஒரு தொல்லை உண்டு. சிலிண்டரின் அடி வளையம் அகலமானது, திரையை மறைத்துவிடும். மெஷின்மேல் ஒரு சின்னக் கெட்டிப் பலகையைப் போட்டு, திரை தெரிகிறபடி அதன்மேல் சிலிண்டரை நிறுத்துங்கள். பலகையின் எடையைத் தனியாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். லேசான பலகையை இந்த மெஷின்கள் தனியாகக் காட்டாமல் போகலாம், அதற்குத்தான் அந்தச் சின்னச் சமையல் மெஷின் உதவும்.

மூன்று நாளாக ஒரே எடை

இந்த மர்மம் என்னை ஒரு வாரம் சுற்றவிட்டது. திங்கள் 22.4. செவ்வாய் 22.4. புதன் 22.4. நடுவில் பெரியம்மா முறுக்குச் சுட்டிருக்கிறாள், மூன்று மணி நேரம் அடுப்பு எரிந்திருக்கிறது. கேஸ் செலவாகாத அடுப்பு என்று சந்தோஷப்பட முடியவில்லை.

காரணம் மெஷினின் சாமர்த்தியம். ஆள் எடை மெஷின்கள் பலவற்றில் கடைசியாகக் கண்ட எடை நினைவில் இருக்கும். அடுத்த எடை அதற்கு மிக அருகில் இருந்தால், அதே ஆள்தான் திரும்ப ஏறியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு பழைய எண்ணையே காட்டிவிடும். தடவைக்குத் தடவை எண் மாறினால் வாங்கியவர் மெஷின் சரியில்லை என்பார், அதற்காகச் செய்த ஏற்பாடு. நமக்கோ அந்த 200, 300 கிராம் வித்தியாசம்தான் முழுக் கதையும்.

சிலிண்டரை வைப்பதற்கு முன் யாராவது ஒருவர் மெஷின்மேல் ஏறி இறங்க வேண்டும். பழைய நினைவு போய்விடும். அணைந்து திரும்ப உயிர்பெற்றபிறகு சிலிண்டரை வைத்தால் புது எண் வரும். அன்று வந்தது 21.6.

வைக்கிற இடத்துக்கு ஏற்ப எடை மாறுகிறது

கண்ணாடி மெஷினின் நான்கு மூலைக் கால்களிலும் ஒவ்வோர் உணரி இருக்கிறது. நாலும் தரையில் சமமாக ஊன்ற வேண்டும். மிதியடி, பாய், லினோலியம், டைல்ஸ் இணைப்பு இவற்றின்மேல் வைத்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், எடை அரை கிலோ வரைகூடத் தள்ளாடும். வழவழப்பான ஒரே டைலில் வைத்து, ஒரு விரலால் ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த டைலில் மார்க்கரால் ஓர் அடையாளம் போட்டிருக்கிறோம், எப்போதும் அங்கேதான். சிலிண்டர் நடுவில் நிற்க வேண்டும், சுவரில் சாயக் கூடாது.

மெஷின் எப்போதும் கூடவோ குறையவோ காட்டுகிறதா என்று பார்க்க வீட்டிலேயே படிக்கல் இருக்கிறது: பிரிக்காத அரிசி மூட்டை. சிலிண்டரின் எடைக்கு இதைவிட அருகில் வேறொன்றும் வீட்டில் கிடைக்காது. 2022 ஜூலைக்குப் பிறகு 25 கிலோ வரையான பொட்டலத்துக்கு வரி வந்ததால் கடைகளில் 26 கிலோ மூட்டை வைக்கிறார்கள், மேலே எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மெஷினில் 26 கிலோ மூட்டை 26.2 காட்டியது. சாக்குக்கு நூறு கிராம் விட்டால் மெஷின் நூறு கிராம் கூட்டிச் சொல்கிறது. புது சிலிண்டர் 14.3 காட்டியதற்கும் இது ஒத்துப்போகிறது.

எப்போது பார்த்தாலும் கொஞ்சம் கூடவே இருக்கிறது

ரெகுலேட்டரைக் கழற்றாமல் நிறுத்திருப்பீர்கள். குத்தியிருக்கும் காலி எடையில் வால்வு சேரும், ரெகுலேட்டரும் டியூபும் சேராது. ரெகுலேட்டரின் எடையைச் சமையல் மெஷினில் பார்த்துக் கழித்துவிடலாமே என்றால், டியூபின் மறுமுனை அடுப்பில் மாட்டியிருக்கிறது, அது விறைப்பாக நின்று சிலிண்டரைத் தூக்கவோ அழுத்தவோ செய்யும். எவ்வளவு என்று சொல்ல முடியாது. கழற்றிவிட்டு நிறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சக்கரம் வைத்த ஸ்டாண்டோடு சேர்த்து நிறுத்தால் அதையும் கழிக்க வேண்டும்.

கணக்கில் கேஸ் இருக்கிறது, அடுப்பில் தீ இல்லை

"ஏலே, ரெண்டு கிலோ இருக்குன்னு சொன்ன, தீ மினுக்கு மினுக்குன்னு எரியுது." கணக்கை மறுபடி போடுவதற்கு முன் இரண்டு பர்னரையும் தனித்தனியாக எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று நன்றாக எரிந்து இன்னொன்று மட்டும் மங்கினால் அது பர்னர் அடைப்பு. பால் பொங்கி வழிந்த மறுநாள் இது சகஜம். இரண்டும் மங்கினால் ரெகுலேட்டர் சரியாக உட்காராமலோ, டியூப் மடங்கியோ இருக்கலாம். குறிப்பாக எடை போட்டுவிட்டுத் திரும்ப மாட்டிய அன்று இப்படி வந்தால் முதல் சந்தேகம் ரெகுலேட்டர்மேல்தான். கழற்றி, டக்கென்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் மங்கினால் ஏஜென்சி மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு. உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகித்தான் அடுப்புக்கு வருகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சிலிண்டரின் இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மார்கழிக் காலையில் காற்றே குளிர்ந்திருக்கும், சிலிண்டரில் திரவமும் கொஞ்சமாக இருந்தால் அது தொட்டுக்கொண்டிருக்கும் சுவரும் கொஞ்சம்தான். இரண்டு பர்னரையும் முழுதாகத் திறந்தால் ஈடுகொடுக்க முடியாமல் தீ தாழும். கேஸ் இருக்கிறது, வேகமாக வர முடியவில்லை, அவ்வளவுதான். ஒரே பர்னரில் சமைத்தால் போதும். சிலிண்டரைக் கவிழ்ப்பது, வெந்நீரில் நிறுத்துவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கவிழ்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், அது நெருப்போடு விளையாட்டு.

கணக்கில் சந்தேகம் இருந்தால் ஈரத்துணியால் சரிபார்க்கலாம். கொஞ்ச நேரம் அடுப்பு எரிந்தபிறகு சிலிண்டரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஈரம் துடையுங்கள். திரவம் இருக்கிற பகுதி குளிர்ந்திருக்கும், அங்கே ஈரம் மெதுவாகக் காயும், கோடுபோல மட்டம் தெரியும். முழு சிலிண்டரிலும் மேலே ஐந்தில் ஒரு பங்கு அளவு காலியாகத்தான் விட்டிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பாதியா, கால்வாசியா என்று பார்க்க இது போதும். கடைசி இரண்டு கிலோவில் திரவம் குழிந்த அடிப்பகுதிக்குப் போய்விடும், அப்போது ஈரக்கோடு எதையும் சொல்லாது.

கணக்கில் தீர்ந்துவிட்டது, அடுப்பு இன்னும் எரிகிறது

காலி எடையைக் கூட்டிப் படித்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் மெஷின் குறைத்துக் காட்டுகிறது. எது என்று தெரிய, உண்மையாகவே தீர்ந்து அணைந்த அன்று சிலிண்டரைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நிறுத்து வையுங்கள். அணைந்தபிறகும் உள்ளே கொஞ்சம் ஆவி நிற்கும், அது நூறு கிராமுக்குள்தான். மெஷினின் கோளாற்றை அரிசி மூட்டையில் பார்த்துக் கழித்தபிறகும் எண் பட்டையிலிருந்து அரை கிலோ தள்ளி நின்றால், படித்தது தப்பு. இதில் கவனிக்க வேண்டியது, மெஷினின் பிழை அடுத்த சிலிண்டருக்கும் தொடர்ந்து வரும், குறித்து வைத்தால் பயன்படும். பட்டையைத் தப்பாகப் படித்த பிழை அந்தச் சிலிண்டரோடு வண்டியேறிப் போய்விடும்.

மீதி தெரிகிறது, எத்தனை நாள் வரும் என்று தெரியவில்லை

நூறு கிராம் படியிருக்கிற மெஷினில் நேற்றுக்கும் இன்றைக்கும் கழித்துத் தினச்செலவு பார்த்தால் ஒருநாள் 100, ஒருநாள் 400 என்று வரும். குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விட வேண்டும். இதில் ஒரு சௌகரியம், இரண்டு எடைகளைக் கழிக்கும்போது காலி எடை தானே அடிபட்டுப் போகிறது. பட்டையில் எண் தேய்ந்து எதுவுமே தெரியாத சிலிண்டரிலும் செலவைக் கண்டுபிடிக்கலாம். மெஷின் எப்போதும் ஒரே அளவு கூட்டிச் சொன்னால் அதுவும் அடிபட்டுவிடும்.

அந்த 15.3 சிலிண்டரில் ஒரு ஞாயிறு 21.9, அடுத்த ஞாயிறு 20.1. ஏழு நாளில் 1.8 கிலோ, நாளுக்கு ஏறக்குறைய 260 கிராம். இரண்டு பேர் சமையல், பெரியம்மாவுக்கு மூன்று வேளையும் வெந்நீர். பர்னரின் வேலையோடும் இது ஒத்துப்போகிறது. நடுத்தரத் தீயில் 2 கிலோவாட் அளவில் எரியும் பர்னர் மணிக்கு 150, 160 கிராம் தின்னும், அப்படியானால் ஒன்றே முக்கால் மணி நேர அடுப்பு. அம்மாவிடம் கேட்டபோது "அம்புட்டுதான் இருக்கும்" என்றாள்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மெஷினில் 17.1 வந்தது. மெஷின் கூட்டிச் சொல்லும் 0.1-ஐயும் காலி எடை 15.3-ஐயும் கழித்தால் 1.7 கிலோ. நாளுக்கு 260 கிராம் என்றால் ஆறு நாளுக்கு மேல். எடை, பட்டை இரண்டிலும் இருக்கிற சின்னச் சின்னப் பிழைகளுக்கு 250 கிராம், அதாவது ஒருநாள் சமையல், ஒதுக்கிவிட்டேன். ஐந்து நாள் நிச்சயம். அங்கே புக் செய்தால் மூன்றாம் நாள் வந்துவிடும், அன்றே புக் செய்யச் சொன்னேன். பழையபடி 15.8 என்று வைத்திருந்தால் 1.2 கிலோதான் வந்திருக்கும், நான்கு நாளுக்குள் தீர்ந்துவிடும் என்று அலறியிருப்பேன்.

புது சிலிண்டர் அந்தத் தடவை தாமதமாகி வியாழன் மதியம்தான் வந்தது. பழையது புதன்வரை எரிந்து, வியாழன் காலை காப்பிக்குப் பால் காயும்போது அணைந்தது. அம்மா அதைத் தூக்கி மெஷின்மேல் வைக்கச் சொல்லிப் படம் அனுப்பினாள்: 15.5.